மெல்ல ஊற்றிய வெந்நீர்

ஸ்பிரிட் விளக்கு வாசனை எங்கே வந்தாலும், பழவேற்காட்டுப் பள்ளி ஆய்வகத்தில் நின்ற என் தோழியின் முகம் நினைவுக்கு வரும். கடலுக்குப் போன அவள் நைனா திரும்பவேயில்லை. அன்றுதான் அவளுக்குப் பள்ளியில் கடைசி நாள்; மறுநாள் முதல் மீஞ்சூரில் கம்பெனி வேலை. இந்தக் கடைசிச் சோதனையாவது சரியாக வரவேண்டுமென்று தவித்தாள்.

முப்பது டிகிரியில் இருநூறு கிராம் தண்ணீர். அதில் எழுபத்தெட்டு டிகிரி வெந்நீர் நூறு கிராம். இழந்த வெப்பமும் பெற்ற வெப்பமும் சமமென்றால் நாற்பத்தாறு வரவேண்டும். குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலைந்த பழக்கம், ஒரு சொட்டும் சிந்தாமல் மெல்ல மெல்ல ஊற்றினாள். வெப்பமானி நாற்பத்தைந்தில் நின்றது.

“நாப்பத்தாறுனே எழுதிடலாண்டி” என்றேன்.

“வேணாம். ஒரு டிகிரிய காத்தும் பாத்திரமும் எடுத்துக்கிச்சு. இதாவது எங்க போச்சுனு தெரியுதே.”

வாசலில் நின்று திரும்பினாள். “நாப்பத்தஞ்சுனே எழுது, இன்னா?”