உடைத்துப் பார்க்காத புளி

யுத்த காலத்தில் திருத்தணியில் டீச்சர் வேலையோடு ஒரு பெண்கள் விடுதியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது பிள்ளைகள். ஆளுக்குத் தினம் கால் பலம் புளி என்றால் நாளுக்குப் பத்துப் பலம், நான்கு நாளுக்கு ஒரு வீசை. விடுமுறை போக முந்நூறு நாள் சமையல். எழுபத்தைந்து வீசை வேண்டும். காய்ந்து குறைவதற்கு ஐந்து சேர்த்து எண்பது, அதாவது பத்து மணங்கு. பங்குனியில் புதுப்புளி வரும்போதே மொத்தத்தையும் வாங்கிவிடுவேன். ஐப்பசி மழைக்குப் பிறகு சந்தையில் கிடைப்பது விலையும் அதிகம், ஈரமும் அதிகம்.

வாங்குவதில் நான் கறார். உருண்டையைப் பிட்டு உள்ளே பார்ப்பேன். புதுப்புளி செம்மண் நிறத்தில் இருக்க வேண்டும். கறுத்திருந்தால் போன வருஷத்துச் சரக்கு. நார் இழுத்தால் தனியாக வர வேண்டும். கொட்டை இருந்தால் எடையில் பாதிக்குக் கிட்ட அதற்கே போய்விடும். கையில் அமுக்கினால் பிசுபிசுக்கலாம், ஈரம் கசியக்கூடாது. எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கி வைப்பவர்களும் உண்டு. வியாபாரிகள் என்னைக் கண்டால் கூடையைத் தள்ளி வைப்பார்கள் என்று விடுதி ஆயா கேலி செய்வாள்.

அந்த வருஷம் புத்தூர்ப் பக்கத்திலிருந்து என் அக்கா புருஷன், எங்கள் வழக்கில் பாவா, வண்டியில் புளி கொண்டுவந்தார். அவர்கள் தோப்பில் இருபது மரத்துக்கு மேல். அக்காவே ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, ஓலைப்பாயில் கட்டி அனுப்பியது. மணங்குக்கு ஒரு மூட்டையாகப் பத்து மூட்டை. விடுதி நிர்வாகத்தாரிடம், சந்தைக்குப் போக வேண்டாம், இதற்கு நான் பொறுப்பு என்று சொல்லியிருந்தேன்.

பாவா மூட்டைகளைத் தானே சரக்கறைப் பலகையில் அடுக்கினார். முன்னால் இருந்ததைப் பிரித்துக் காட்டினார். சிவப்பாக, வாசனையாக இருந்தது.

"மத்ததையும் உடைச்சிப் பாக்கறியா, டீச்சரம்மா?" என்று சிரித்தார்.

சொந்தக்காரர் கொண்டுவந்த மூட்டையை எதிரிலேயே உடைத்துப் பார்க்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. வேண்டாம் என்றேன்.

முதல் இரண்டு மூட்டை குறையில்லை. ஆடிக் கிருத்திகை முடிந்து மூன்றாவதைத் தொட்டபோது பாயின் அடியில் கறுப்புப் பாகு வழிந்திருந்தது. மேல்வரிசை சிவப்பு. அதன் கீழே கன்னங்கரேலென்று பழம்புளி, கொட்டையோடு, ஓட்டுத் துணுக்கோடு, நீர் தெளித்துப் பிசைந்தது. மீதி மூட்டைகளையும் அன்றே பிரித்தோம். ஒன்றுதான் நல்லது. பழம்புளி கெடுதலில்லை, சமைக்கலாம். ஆனால் கொட்டை பொறுக்கி, பூஞ்சணம் பூத்ததை எறிந்து, காயவைத்து நிறுத்தபோது ஏழு மூட்டையில் மூன்று மணங்குகூடத் தேறவில்லை. பங்குனிவரை பிள்ளைகளுக்கு என்ன போடுவது?

தோப்புப் புளி போதாமல் வெளியே வாங்கியிருப்பார், யாரோ வியாபாரி பாவாவை ஏமாற்றியிருப்பான் என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு அந்தக் கறுப்பு உருண்டை ஒன்றைத் திருப்பினேன். அடியில் கட்டைவிரலால் அழுத்திய குழி, அதில் கல்லுப்பு. அப்படி உருண்டை பிடிப்பது எங்கள் அம்மாவின் கைப்பழக்கம். இப்போது அக்காவும் நானும் மட்டும்தான் அப்படிப் பிடிக்கிறோம்.

சனிக்கிழமை ரயிலேறிப் போனேன். பாவா வீட்டில் இல்லை. உருண்டையை அக்கா முன்னால் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

நல்ல சரக்கைப் பட்டணத்து மண்டிக்காரன் கேட்டானாம். மிலிட்டரிக்குப் போகிறதாம். அவன் ஒவ்வொரு மூட்டையையும் குத்திப் பார்த்துத்தான் எடுப்பானாம். மிஞ்சிய பழஞ்சரக்கை எங்கே தள்ளுவது என்று யோசித்தார்களாம். நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நான் உடைச்சிப் பாக்கமாட்டேன்னு பாவாவுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அவரு பயந்துகினுதான் இருந்தாரு," என்றாள். "நான்தான் சொன்னேன், எங்கிட்டருந்து வந்ததுன்னா அவ பாக்கமாட்டான்னு."

சாப்பிடச் சொன்னாள், மறுத்தேன். புறப்படும்போது உள்ளே போய் ஒரு சின்ன ஓலைக்கட்டைக் கொண்டுவந்தாள்.

"இது எங்களுக்குன்னு எடுத்து வச்சது. நீ எடுத்துக்கினு போ."

அங்கேயே உட்கார்ந்து கட்டைப் பிரித்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு உருண்டையாகப் பிட்டு, நாரை இழுத்து, விரலால் அமுக்கிப் பார்த்தேன். ஒரு கொட்டைகூட இல்லை. ஈரமில்லை. அந்த வருஷம் நான் பார்த்ததிலேயே நல்ல புளி. நான்காவது உருண்டையைப் பிட்டபோது அவள் அழ ஆரம்பித்தாள். நான் நிறுத்தவில்லை.

இரண்டு வீசை இருக்கும். விடுதிக்கு எட்டு நாளுக்கு வரும். திரும்பக் கட்டி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.