இடது காலின் அளவு

வானதி தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய வருடத்தில்தான் அவள் அம்மா அகிலாண்டத்தின் இடது கால் வீங்க ஆரம்பித்தது. முதலில் குளிர்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது கணுக்காலுக்குக் கீழே லேசாக உப்பியிருந்தது. நாற்றங்காலில் வெகுநேரம் நின்றதால் வந்த வீக்கம் என்று நினைத்தாள். அடுத்த காய்ச்சலில் அது முழங்காலுக்கு ஏறியது. யானைக்கால் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்தால் இனி ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், ஏறினது முழுதாக இறங்காது என்றும் சொன்னார்கள்.

குத்தாலத்துக்குப் பக்கத்து ஊர் அவர்களுடையது. கணவர் சிங்காரவேலுவுக்குச் சொந்த நிலம் கொஞ்சம், குத்தகைக்கு எடுத்தது கொஞ்சம். அகிலாண்டம் வேலையை விடவில்லை. நடவு, களையெடுப்பு என்று ஆள் விட்டுப் பார்த்துக்கொள்ள வரப்பில் போய் நிற்பாள். விட்டது வேறொன்று. கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டாள். மண்டப வாசலில் கிடக்கிற செருப்புகளுக்கு நடுவில் அவளுடையது தனியாகத் தெரியும். ரப்பர் செருப்பில் இடது கால் வார் போதாமல், சிங்காரவேலு அதை அறுத்துவிட்டுச் சைக்கிள் டியூப் துண்டை வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தார். தேய்ந்தால் இன்னொன்று தைத்துக் கொடுப்பார். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

வானதி படித்தாள், சிங்கப்பூரில் வேலைக்குப் போனாள், அங்கேயே கல்யாணமாகிக் குடியிருந்தாள். அவள் உண்டானபோது அம்மா வர வேண்டும் என்றாள். அகிலாண்டம் உடனே சரி என்றுவிட்டு, பிறகு யோசிக்கத் தொடங்கினாள்.

"அங்க ஏர்போர்ட்ல ரொம்ப தூரம் நடக்கணுமாமே?" என்று கணவரிடம் கேட்டாள்.

"சக்கர நாற்காலி கேட்டா தருவாங்களாம்."

"நாற்காலியில போயி இறங்கினா வானதி பயந்துடும். நடந்தே போறேன்."

வானதியும் அம்மாவின் நடையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வீங்கிய பாதங்களுக்கென்று ஷூ விற்கிற கடை ஒன்றைச் சிங்கப்பூரில் தேடிப் பிடித்தாள். மேலே இரண்டு பட்டைகள், முழுதாகப் பிரித்துவிட்டு ஒட்டிக்கொள்கிற மாதிரி. அட்டைப்பெட்டியில் ஒட்டியிருந்த அளவு அட்டவணையைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். கூடவே பயணத்துக்கென்று பார்த்து வைத்த பேன்ட் ஒன்றின் அளவு எழுதிய டேக்கையும். 'ஷூவை வாங்கிட்டா மாத்தித் தர மாட்டாங்கப்பா. என் கூட வேலை பார்க்கறவங்க ஒருத்தங்க அடுத்த வாரம் திருச்சி வர்றாங்க, அவங்ககிட்ட கொடுத்து விடறேன். எந்த நம்பர்னு மட்டும் சொல்லுங்க.'

சிங்காரவேலு போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். யூகே, ஈயூ, யூஎஸ், சிஎம் என்று நான்கு வரிசை எண்கள். ஓரத்தில் 2E, 4E. வீட்டில் இருந்த ரப்பர் செருப்பின் அடியில் எண் தேய்ந்துபோயிருந்தது. மறுநாள் மயிலாடுதுறைக்கு உரம் வாங்கப் போனவர், துணியும் செருப்பும் விற்கிற கடை ஒன்றில் நுழைந்து போனை நீட்டினார்.

அங்கே செருப்புப் பகுதியில் நின்றவள் வேம்பு. முப்பத்தைந்து வயதிருக்கும். தங்கள் கடைச் சரக்கு இல்லை என்பது பார்த்ததும் தெரிந்திருக்கும். இருந்தாலும் போனை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தாள்.

"ஐயா, இது நாலும் ஒரே சைஸோட நாலு பேரு. யூகே அஞ்சுன்னா ஈயூல முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கான். அந்தப் பேரெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். நமக்கு வேண்டியது இந்த சென்டிமீட்டர் வரிசைதான்."

"அப்ப காலை அளந்து அந்த நம்பரைச் சொல்லிட்டா போதும்ல?"

"அங்கதான் ஒரு விஷயம் இருக்கு. இந்த சென்டிமீட்டர் பாதத்தோட நீளமா, ஷூவுக்கு உள்பக்க நீளமான்னு மேல தலைப்புல எழுதியிருப்பான். போட்டோல அது வெட்டுப்பட்டிருக்கு. பாத நீளம்னா, ஒரு பேச்சுக்கு இருபத்துமூணு காலுக்கு இருபத்துமூணுன்னு போட்டதை எடுத்துப் பார்க்கலாம். உள்நீளம்னா அதையே எடுத்தா விரல் முட்டும். மகளை மேல இருக்கறதையும் சேத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

"இந்த ஈ எல்லாம்?"

"அது அகலம். ஈ கூடக் கூட அகலம் கூடும். எவ்வளவு கூடும்னு இதுல போடல." அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "யாருக்குங்க?"

அவர் சொன்னார். சொல்லும்போது கடை வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அம்மாவை ஒருதரம் கூட்டிட்டு வர முடியுமா?" என்றாள் வேம்பு. "சாயங்காலமா வாங்க. காலையில வீக்கம் கம்மியா இருக்கும். அதை வச்சு வாங்கினா பொழுது சாயறப்போ கடிக்கும்."

அகிலாண்டம் முடியாது என்றாள். செருப்புக் கடையில் உட்கார்ந்து காலை நீட்டுவதா, வீட்டிலேயே நூல் பிடித்து அளந்து அனுப்பினால் ஆகாதா என்றாள். சிங்காரவேலு வற்புறுத்தவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரத்தை எடுத்து வைக்கும்போது மட்டும், "அந்தப் பொண்ணு நல்லா நிதானமா பேசிச்சு, அகிலா" என்றார். இரண்டு நாள் கழித்து அவளாகவே சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

வேம்பு அவர்களை உள்பக்கத்து பெஞ்சில், துணி அடுக்குகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் விரித்தாள்.

"எழுந்து நின்னு இதுல காலை வைங்கம்மா. உக்காந்து அளந்தா பாதம் விரியாது, குறைச்சலா காட்டும்."

அகிலாண்டம் வலது காலை வைத்தாள். வேம்பு குதிகாலிலும் நீளமான விரல் நுனியிலும் கோடு போட்டாள். பிறகு இடது கால். சேலைக் கொசுவத்தை அகிலாண்டம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேம்பு தரையில் உட்கார்ந்து, பாதத்தின் பக்கவாட்டில் பென்சிலை நேராகப் பிடித்தபடி வளைத்துக்கொண்டு வந்தாள். தோல் மடிந்திருந்த இடத்தில் பென்சில் படாமல் இருக்க இன்னொரு கையின் விரலை இடையில் வைத்தாள்.

இத்தனை வருடத்தில் அந்தக் காலைத் தொட்டவர்கள் இரண்டே பேர். சிங்காரவேலுவும், மாதம் ஒருமுறை கால் கழுவும் முறையைச் சொல்லிக்கொடுத்து மருந்து தருகிற ஆஸ்பத்திரி நர்ஸும்.

"வலிக்குதாம்மா?"

"இல்லம்மா" என்றாள் அகிலாண்டம்.

இடது பாதம் இருபத்துநாலரை சென்டிமீட்டர். வலது அதைவிட அரை சென்டிமீட்டர் குறைவு. வேம்பு டேப்பை எடுத்து மேல்பாதத்தைச் சுற்றி, இறுக்காமல் பிடித்து அளந்தாள். இருபத்தொன்பது வந்தது.

வானதி அதற்குள் முழு அட்டவணையையும் அனுப்பியிருந்தாள். தலைப்பில் பாத நீளம் என்றே போட்டிருந்தது. அவர்கள் போனில் அவளைக் கூப்பிட்டார்கள். வேம்பு பேசினாள்.

"தலைப்பு பாத நீளம்ங்கறதால, பெரிய காலுக்கு முப்பத்தெட்டு வருது. அதுல 4E பாருங்க. ஆனா மேல்பாதச் சுத்தளவு அட்டவணைல எங்கயும் இல்ல. அம்மாவுக்கு அதுதான் முக்கியம். கடைக்காரங்கள பட்டையைக் கடைசி வரைக்கும் தளர்த்தி, ஒட்டற அளவுல வச்சு, உள்சுத்தை டேப் வச்சு அளந்து சொல்லச் சொல்லுங்க."

"இன்னும் பெரிய நம்பரா வாங்கிட்டா சேஃபா இருக்காதா?" என்று வானதி கேட்டாள்.

"நீளம் கூடினா குதிகால் வழுக்கும்மா. வழுக்கி உரசினா புண்ணாயிடும், அம்மா காலுக்குப் புண்ணு வரவே கூடாது. அகலம்தான் கூடணும்."

"அந்த பேன்ட்? அம்மா இடுப்புச் சுத்து நாப்பத்திநாலு இஞ்ச். டேக்லயும் ஹிப் நாப்பத்திநாலுன்னுதான் இருக்கு."

வேம்பு அந்தப் போட்டோவைப் பார்த்தாள். "இதுல கார்மென்ட் மெஷர்மென்ட்னு போட்டிருக்கான். அப்படின்னா துணியோட அளவு, உடம்போடது இல்ல. 'டு ஃபிட்'னு போட்டிருந்தா அந்த அளவு உடம்புக்காரங்களுக்குன்னு அர்த்தம். உடம்பும் துணியும் ஒரே நாப்பத்திநாலுன்னா, இழுபடற துணியா இல்லாட்டி உக்கார முடியாது. கெண்டைக்கால் அளவு இதுல சொல்லவே இல்ல."

"சேலையே போதும்" என்றாள் அகிலாண்டம் பக்கத்திலிருந்து. வானதி போனில் சிரித்தாள்.

இரண்டு நாளில் பதில் வந்தது. பட்டையைத் தளர்த்தினால் உள்சுத்து முப்பத்தொன்று. சிங்காரவேலு வேம்புவுக்குப் போன் செய்தார்.

"அப்ப சரியா இருக்கும்ல?"

"சரியா இருக்கும்னு நான் சொல்ல மாட்டேங்க. இடம் இருக்கும் போலத் தெரியுது. தையல் எங்க வருது, உள்ள மெத்தை எவ்வளவுன்னு போட்டுப் பார்த்தாத்தான் தெரியும். வந்ததும் வீட்டுக்குள்ள கொஞ்ச நேரம் போட்டு நடக்கச் சொல்லுங்க. கழட்டிப் பார்த்து எங்கயாவது சிவந்திருந்தா போட வேணாம். அந்த நர்ஸம்மாகிட்டயும் ஒருவார்த்தை காட்டிடுங்க."

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஆம் என்று ஒரு சொல் கிடைத்திருந்தால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஆனால் அகிலாண்டம், "அந்தப் பொண்ணு சொல்றதுதான் நியாயம். தெரியாததைத் தெரியும்னு சொல்லல பாருங்க" என்றாள். அவளே மகளிடம் வாங்கிவிடு என்று சொன்னாள்.

ஷூ வந்தது. சாம்பல் நிறம். முகப்பு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அகிலாண்டம் இடது காலை உள்ளே விட்டாள். விரல்களுக்கு இடம் இருந்தது. மேல் பட்டை ஒட்டியது. கீழ்ப் பட்டை நுனியில் மட்டும்தான் பிடித்தது. வலது கால் உள்ளே தளர்ந்து ஆடியது. எழுந்து சமையலறை வரை போய்த் திரும்பி வந்தாள். கழற்றிப் பார்த்தபோது சிவப்பு இல்லை. நர்ஸ் பார்த்துவிட்டு, நீண்ட பயணத்தில் இடையிடையே தளர்த்தி விடச் சொன்னார். வேம்பு, வலது ஷூவுக்கு உள்ளே வைக்க ஒரு மெல்லிய அடித்துண்டை வெட்டிக் கொடுத்தாள். அதற்குப் பிறகும் வலது கால் கொஞ்சம் ஆடத்தான் செய்தது.

சிங்கப்பூர் விமான நிலையத்தில் அவள் நடந்தே போனாள். பாதி வழியில் கால் கனத்தது. சுவரோரம் நின்று, குனிந்து, கீழ்ப் பட்டையைப் பிரித்துவிட்டாள். சிங்காரவேலு அவள் பையையும் சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். யாரும் நின்று பார்க்கவில்லை. பார்த்தவர்களும் காலைப் பார்த்துவிட்டுத் தங்கள் வழியே போனார்கள். பிரித்த பட்டையோடு கதவு வரை மெல்ல நடந்தாள். கண்ணாடிக்கு அப்பால் வானதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

பேத்தி பிறந்து இரண்டு மாதம் ஆனது. இப்போது காலை வெயில் ஏறுமுன் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து, குடியிருப்புக்குக் கீழே இருக்கிற பூங்காவை அகிலாண்டம் ஒரு சுற்று சுற்றி வருகிறாள். ஒருநாள் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் நடந்த கல்யாண வரவேற்பு ஒன்றைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள் என்று உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாளாம். வானதி அப்பாவிடம் அதைப் போனில் சொன்னபோது, சம்பாவுக்கு நிலம் தயார் செய்ய முன்னாலேயே ஊர் திரும்பியிருந்த சிங்காரவேலு வரப்பில் நின்றுகொண்டிருந்தார். என்ன சாப்பாடு போட்டார்கள் என்று கேட்டார். வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மடையை அடைக்க மறந்து, மகள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே நின்றார்.