கடை முழுக்கப் பச்சை

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. எங்கள் மருந்துக்கடையில் இருபத்தோரு வருடமாக ஃபார்மசிஸ்ட். நான் பில் போடுகிறவன். ஒன்பது வருடமாக அவருக்கு இடது கைப்பக்கம் உட்கார்ந்து திட்டு வாங்குகிறவன் என்றும் சொல்லலாம். அவர் சொந்தத் தம்பிகூட அவ்வளவு வாங்கியிருக்க மாட்டான்.

வாடிக்கையாளர் படியேறும்போதே அக்கா ஆரம்பித்துவிடுவார். "சர்க்கரை மாத்திரை அதுக்குள்ள தீந்துபோச்சா? இன்னும் நாலு நாளைக்கு வரணுமே. வீட்டுக்காரம்மாவுக்கும் பங்கு போட்டுக் குடுத்தீங்களா?" பெரிய பெரிய ஆட்களெல்லாம் திருட்டு முழி முழித்துக்கொண்டு உண்மையைக் கக்கிவிடுவார்கள்.

மேஜைக்குக் கீழே அவருக்கு இரண்டு பெரிய டிராயர்கள். மாதக் கடைசி நெருங்கினால், வழக்கமாக வருகிறவர்களின் மாத்திரைகளை முன்கூட்டியே எடுத்து, ரப்பர் பேண்டு போட்டு, பெயர்ச்சீட்டு செருகி அதில் அடுக்கிவிடுவார். ஆள் வந்து வாங்கும்போதுதான் பில். அந்தப் பொட்டலத்தில் கை வைக்க முதலாளிக்கே உரிமை கிடையாது. அக்காவே எப்போதோ ஒருமுறை யாருக்கோ இரக்கப்பட்டு ஒன்றைப் பிரித்தாராம். ஒரு மணி நேரத்தில் பொட்டலத்துக்கு உரியவர் வந்து நின்றாராம். வெறுங்கையோடு அவரை அனுப்பிய அந்தச் சாயங்காலத்தை அக்கா இன்னும் மறக்கவில்லை.

போன வருடம் முதலாளியின் தங்கை ஊரிலிருந்து வந்தார். கம்ப்யூட்டர் படித்தவர், சும்மா இருப்பாரா? என் பில் மெஷினோடு இணைத்து, சுவரில் ஒரு திரை மாட்டிவிட்டார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது தன்னையே புதுப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது, ஆர்டர் போட்டால் சரக்கு வர எத்தனை நாள், அதற்கு மேல் கையில் கொஞ்சம். இதுதான் கணக்கு. இருப்பு எல்லைக்கு மேலே இருந்தால் பச்சை. எல்லையைத் தொட்டால் மஞ்சள், ஆர்டர் போட வேண்டும். அதில் பாதிக்கு வந்துவிட்டால் சிவப்பு.

அக்காவுக்கு அந்தத் திரையைக் கண்டாலே ஆகாது. ஒரு வரி சிவந்துவிட்டால் முதலாளி வீட்டிலிருந்தே போனில் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார். அது அக்காவுக்குப் பரீட்சையில் தோற்ற மாதிரி. அதனால் மஞ்சள் வருவதற்கு முன்பே சரக்கு அனுப்பும் ஏஜென்சிக்குப் போன் போட்டு உலுக்கிவிடுவார். திரை பெரும்பாலும் பச்சைப் பசேலென்று இருக்கும். "பாத்தியாப்பா, எங்கிட்ட அதோட பாச்சா பலிக்காது" என்று திரைக்குப் பழிப்புக் காட்டுவார்.

அப்படிப் பச்சையாக இருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம், தையற்காரர் ஒருவர் டாக்டர் சீட்டோடு வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. எங்கள் கடைக்குப் புதியவர். மனைவிக்கு வலிப்பு மாத்திரை, தினம் ராத்திரி ஒன்று, முப்பது நாளைக்கு. நேற்றோடு தீர்ந்துவிட்டதாம்.

"ரெண்டு கடை ஏறி எறங்கிட்டேங்க. ஒரு நாள் விட்டாலே அவளுக்கு வந்துடும். போன தடவை அடுப்புப் பக்கத்துல விழுந்துட்டா."

நான் திரையைப் பார்த்து, "கவலைப்படாதீங்க, அறுபது இருக்கு" என்றேன். எல்லை முப்பது, இருப்பு அறுபது, வரி பளிச்சென்று பச்சை. அலமாரிக்குப் போனேன். அந்த மாத்திரை இருக்க வேண்டிய இடத்தில் தூசிகூட இல்லை.

திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க வேண்டிய அழுக்கு அதில் இல்லை. புரிந்துவிட்டது. அறுபதும் டிராயரில். மூன்று மூன்று அட்டையாக இரண்டு பொட்டலம். ஒன்று வங்கி வாட்ச்மேனுக்கு, இன்னொன்று பாட்டு டீச்சருக்கு. பில் போடாததால் திரையின் கணக்கில் அவை இன்னும் அலமாரியிலேயே உட்கார்ந்திருந்தன.

"சரக்கு இல்லைங்க. திங்கக்கெழமை வாங்க" என்றார் அக்கா.

"இவரு அறுபதுங்கறாரு, நீங்க இல்லங்கறீங்க" என்றார் தையற்காரர். கோபமில்லை, அதுதான் கொடுமை. நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றார். நகரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, டீச்சரு நாளைக்குத்தானே வருவாங்க. ஒரு போன் போட்டுக் கேளுங்க" என்றேன். முறைத்தார். தையற்காரரின் கையைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"டீச்சரம்மா, உங்க பொட்டலத்துலேர்ந்து ஒரு அட்டை எடுத்துக்கட்டுமா? திங்கக்கெழமை உங்க வீட்டுக்கே கொண்டாந்து தரேன்."

டீச்சர் சொன்னது எனக்கும் கேட்டது. "முழுசாவே குடுத்துடுங்கக்கா. டாக்டர் போன வாரமே வேற மாத்திரை மாத்திட்டாரு. நீங்க ஆசையா எடுத்துக் கட்டி வெச்சிருப்பீங்க, எப்படிச் சொல்றதுன்னுதான் கடைப்பக்கம் வராம இருக்கேன்."

அக்கா போனை வைத்தார். பொட்டலத்தை எடுத்து, சீட்டோடு மருந்தின் பெயரையும் பவரையும் இரண்டு முறை சரிபார்த்துத் தையற்காரர் கையில் கொடுத்தார். அவர் கும்பிட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். அவர் தலை மறையும்வரை நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாடா என்று இருந்தது.

அடுத்த புதுப்பிப்பில் இருப்பு முப்பது, வரி மஞ்சள். அதுவும் பொய்தான். அந்த முப்பதும் வாட்ச்மேனுடையது.

அக்கா முதலாளியின் தங்கைக்குப் போன் போட்டார். "ஏம்மா, எடுத்து வெச்சதக் கழிச்சுக் காட்ட இதுல வழி ஏதாவது இருக்கா?"

"ஒதுக்கியதுன்னு ஒரு கட்டம் மொத நாள்லேர்ந்தே இருக்கேக்கா. நீங்கதான் அதெல்லாம் என் மண்டைல இருக்குன்னு சொன்னீங்க."

அக்கா டிராயர் இரண்டையும் மேஜைமேல் கவிழ்த்தார். நாற்பத்தொரு பொட்டலம். அவர் படிக்கப் படிக்க நான் தட்டினேன். நடுநடுவே ஒவ்வொருவருக்கும் போன். ஒருவர் வீடு மாறிப் போய்விட்டார். ஒருவர் மகன் வேலை செய்யும் இடத்திலேயே வாங்கிக்கொள்கிறார். இன்னொருவருக்கு மாத்திரையே வேண்டாமென்று டாக்டர் நிறுத்திவிட்டார். மொத்தம் ஆறு பொட்டலத்துக்கு ஆளே இல்லை. அவற்றை அலமாரியில் திருப்பி அடுக்கினோம்.

பத்து நிமிடம் ஆனது. திரை கண் சிமிட்டியது. மேலிருந்து கீழே மஞ்சள், சிவப்பு, சிவப்பு, மஞ்சள், சிவப்பு. கல்யாண வீட்டு சீரியல் லைட்டு தோற்றது போங்கள். எண்ணினேன், பதினாலு சிவப்பு.

முதலாளியிடமிருந்து உடனே போன். "என்னய்யா, கடைல எவனாவது புகுந்து அள்ளிட்டானா?"

"நாந்தான்" என்றார் அக்கா, என் கையிலிருந்து போனை வாங்கி. வேறு விளக்கம் சொல்லாமல் வைத்துவிட்டு, ஏஜென்சிக்கு ஆர்டரைத் தட்டச் சொன்னார். திங்கட்கிழமை காலை முதல் வண்டியில் வந்துவிடும் என்றார்கள். சிவப்பைப் பார்த்து வழக்கமாக வரும் திட்டுகூட வரவில்லை.

ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பேனாவை எடுத்தார். "ஏம்ப்பா, இந்தப் பதினாலு மருந்தக் கேட்டு வந்து, நான் இல்லன்னு திருப்பி அனுப்பினவங்க யார் யாரு? சொல்லு, சரக்கு வருதுன்னு கூப்ட்டுச் சொல்லிடலாம்."

யோசித்தேன். எனக்கு ஒருவரும் நினைவில் இல்லை. அக்காவும் யோசித்தார். மாத்திரை தீரும் தேதியை வைத்து ஊரில் பாதிப் பேரை அடையாளம் சொல்கிறவர், பேனா மூடியைக் கடித்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

"ஒருத்தர் மொகம்கூட வரலப்பா" என்றார். பக்கம் வெள்ளையாகவே இருந்தது. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.