நான்கு லாட்டுக்கு மேல் வேண்டாம்

தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் புரோக்கர் ஆபீஸ். பல வருடங்களாக அங்கே உட்கார்ந்து கச்சா எண்ணெய் வாங்கி விற்கிறேன். ஒரு சொட்டு எண்ணெயைக் கண்ணால் பார்த்ததில்லை, எல்லாம் திரையில் ஓடும் விலைதான். இத்தனை வருடத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதை ஒருமுறை கடிதமாக எழுதினேன். அது ஒரு காசுக்குப் பிரயோசனப்படவில்லை.

எழுதியது என் பக்கத்து நாற்காலிக்காரனுக்கு. ராயப்பன்பட்டிக்காரன், தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். பள்ளி விட்டதும் பஸ் ஏறி வந்துவிடுவான். கையில் சேமிப்பு இரண்டு லட்சம். ஒரு வியாபாரத்தில் நட்டம் இரண்டாயிரத்துக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். சின்ன லாட் என்றால் பத்து பீப்பாய். பீப்பாய்க்கு ஐம்பது ரூபாய் எதிராகப் போனதும் விற்றுவிட வேண்டும், அப்போது லாட்டுக்கு ஐந்நூறு நட்டம். ஆகவே நான்கு லாட், அதற்கு மேல் தொடாதே என்பது பாடம்.

அவன் ஊரில் தேர்ப்பவனி நடந்த வெள்ளிக்கிழமை, நான்கு லாட் வாங்கிவிட்டு அவசரமாகக் கிளம்பினான். நட்டம் வந்தால் தானாக விற்கும் ஸ்டாப்லாஸைப் போட மறந்துவிட்டான். கோயில் கூட்டத்தில் போன் அவன் அம்மாவின் பையில். விலை நூறு ரூபாய் சரிந்தது. அவன் பார்க்கவே இல்லை. சனி, ஞாயிறு சந்தை கிடையாது. அதற்குள் எங்கோ எண்ணெய் எடுக்கும் நாட்டில் சண்டை என்று செய்தி வந்தது. திங்கட்கிழமை காலை அவன் வாங்கியதற்கு ஐந்நூறு ரூபாய் மேலே சந்தை திறந்தது. போனிலேயே விற்றான். இருபதாயிரம் லாபம். அன்று சாயந்திரம் அவன் வந்ததும், நான் கீழே இறங்கிப்போய் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து ஆபீஸ் முழுக்கக் கொடுத்தேன்.

மாதக் கடைசியில் மொத்த லாபம் பதினேழாயிரத்து ஐந்நூறு. இனி எட்டு லாட் போடப்போவதாகச் சொன்னான். தடுக்க வேண்டும் என்று பட்டது. ஆனால் இனிப்புக் கொடுத்துவிட்டு நேரில் எப்படிக் கண்டிப்பது? அதனால்தான் எழுதினேன்.

"தம்பி, இந்த மாதம் நீ செய்தது இருபத்திரண்டு வியாபாரம். அந்த ஒன்றை எடுத்துவிட்டுப் பார், மற்ற இருபத்தொன்றும் சேர்ந்து இரண்டாயிரத்து ஐந்நூறு நட்டம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்கைக்குப் பலம் கூடிவிடவில்லை. ஒரே மாதத்தை வைத்து அதிர்ஷ்டம் எது, திறமை எது என்று எனக்கும் பிரிக்கத் தெரியாது. நூறு வியாபாரமாவது இதே அளவில் செய்துவிட்டுப் பேசு. எத்தனை லாட் என்பதைப் போன மாத லாபம் சொல்லக்கூடாது. நாளைக்கு எவ்வளவு இழந்தால் தாங்குவாய் என்பதுதான் சொல்ல வேண்டும். ஐந்து முறை தொடர்ந்து தோற்பது எல்லோருக்கும் வரும். நான்கு லாட்டில் அது பத்தாயிரம், எட்டில் இருபதாயிரம். உன் மூளை மாறியிருக்காது, அடி மட்டும் இரட்டிப்பாகும்."

படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் எட்டு லாட் போட்டான்.

என் கெட்ட நேரம், அடுத்த மாதமும் அவனுக்கு லாபம். ஆபீஸில் என் கடிதத்தைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அவன் வேலையை விட்டான். மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் சேர்த்தான். எட்டு லாட் முப்பது லாட்டானது. வெள்ளிக்கிழமை வாங்கியதை வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவது அவனுக்கு வழக்கமாகிவிட்டது, தேரன்று நடந்ததுபோல. ஒரு திங்கட்கிழமை, சண்டை ஓய்ந்தது என்று செய்தி. ஸ்டாப்லாஸ் போட்டிருந்தாலும் அந்த விலையில் விற்றிருக்காது, விலை அதைத் தாண்டிக் கீழேதான் திறந்தது. விற்காமல் பிடித்துக்கொண்டிருந்தான். மேலும் சரிந்தது. ஈடாகக் கட்டியிருந்த மார்ஜின் பணம் போதவில்லை என்று புரோக்கரே முப்பது லாட்டையும் விற்றுத் தீர்த்தார். நகைப் பணம் போயிற்று, சேமிப்பிலும் பெரும்பகுதி போயிற்று.

அன்று அவனோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். அவனுடைய இடத்துக்குப் பள்ளியில் வேறு ஆள் வந்துவிட்டதாகச் சொன்னான்.

"அன்னைக்குப் போன் எங்கையில இருந்திருந்தா ரெண்டாயிரத்தோட போயிருக்கும்ணே. பேசாம வாத்தியாராவே இருந்திருப்பேன்" என்றான்.

கடிதத்தில் அத்தனை தெளிவாக எழுதியிருந்தேனே என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அந்த நேரத்திலும் நான் சொன்னதே சரி என்று காட்டத்தான் பார்க்கிறேன்.

அவன் கோபப்படவில்லை. பஸ்ஸில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

"மைசூர்பாக்க முதல்ல கொடுத்தீக. கடுதாசிய மாசக் கடைசியிலதாண்ணே கொடுத்தீக."