ஏரி உடையவில்லை

எங்கள் அண்ணிக்குக் கோபமே வராது என்று தெருவில் சொல்வார்கள். அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்படுகிறேனே!

தெருமுனையில் ஒற்றை மிஷின் போட்ட தையல் கடை அண்ணியுடையது. தெரு வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மினும் அவர்தான். அதற்குக் கூலி கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். மழை எச்சரிக்கை என்றால் யார் சொன்னது, எப்போது வெளியானது, நம் தெரு என்ன செய்யவேண்டும், இவை இல்லாமல் ஒரு வரி போடமாட்டார். தெரியாததைத் 'தெரியவில்லை' என்றே எழுதுவார்.

புயல் நெருங்கிய அன்று காலை, வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்கு போன் செய்து கேட்டுவிட்டு இப்படிப் போட்டார்:

"ஏரியில் நீர்மட்டம் உயர்ந்துள்ளது. மாலையில் மதகு திறக்கலாம் என்று கட்டுப்பாட்டு அறையில் இப்போது சொன்னார்கள். திறந்தால் தாழ்வான வீடுகளில் முழங்கால் வரை தண்ணீர் வரக்கூடும். மின்சாரம் நிறுத்தப்படும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் மதியத்துக்குள் மாடிக்கு மாறவும். திறக்கும் நேரம் தெரியவில்லை. அடுத்த செய்தி பதினோரு மணிக்கு."

மின்சாரம் நின்றால் எங்கள் அப்பாவின் ஆக்சிஜன் மிஷினும் நிற்கும். கையிலிருந்த சிலிண்டர் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதனால் அண்ணி உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார்.

அது கிளம்பி வந்துகொண்டிருந்தபோதுதான், எங்கள் தெருவுக்கு டிவி இணைப்பு கொடுக்கும் கேபிள்காரன் குரூப்பில் வாயைத் திறந்தான். "ஏரி உடைஞ்சிடுச்சு! உயிர் வேணும்னா ஓடுங்க!" என்று குரல் பதிவு. கூடவே வெள்ளத்தில் கார்கள் மிதக்கும் ஒரு படம்.

அண்ணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "பின்னாடி மேம்பாலம் தெரியுது பாரு. நம்ம ஏரிப்பக்கம் ஏது மேம்பாலம்?" என்றபடியே மறுபடி கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டார். லைன் கிடைப்பதற்குள் தெருவே வெளியே வந்துவிட்டது. இருப்பது ஒரே வழி, அதில் இருந்த கார் அத்தனையும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. ஒன்றும் நகரவில்லை. ஆம்புலன்ஸ் தெருமுனையில் அலறிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட்டும் போனது.

அப்பாவைச் சிலிண்டருக்கு மாற்றினோம். அதன் மீட்டர் முள் இறங்க இறங்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணி, கேபிள்காரன் பொய் சொல்றான்னு நல்லா உறைக்கிற மாதிரி போடுங்க!"

"அவனைத் திட்டினா கார் நகராது." அண்ணி தட்டியது இவ்வளவுதான்: "ஏரி உடையவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இப்போதுதான் கேட்டேன். மதகு இன்னும் திறக்கவில்லை. தெருமுனையில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. கடைசியில் நிற்கும் காரிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் எடுத்து வழிவிடவும்."

ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவன் போனையா பார்ப்பான்? அண்ணி நனைந்துகொண்டே கார் காராகப் போய்க் கண்ணாடியைத் தட்டி, அதே வார்த்தைகளை அதே குரலில் சொன்னார். ஒருவன் "நீ யாரும்மா எனக்குச் சொல்ல?" என்று எகிறினான். அண்ணி அவனுக்கும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். நானாக இருந்தால் கண்ணாடியை உடைத்திருப்பேன்.

கார்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. அதை இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கேபிள்காரனை நாலு அறை விடத்தான் தோன்றுகிறது.

அப்பா பிழைத்துக்கொண்டார். மாலையில் மதகைத் திறந்தார்கள். சொன்னபடியே முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து குரூப்பைத் திறந்தால், கேபிள்காரன் போட்டிருக்கிறான்: "தண்ணி வரும்னு அப்பவே சொன்னேன்ல?" அதன் கீழே வரிசையாகக் கும்பிடு. 'நன்றி அண்ணா', 'நீங்க இல்லன்னா எங்க கதி?' அடப்பாவிகளா!

"இவனை இந்த நிமிஷமே குரூப்பை விட்டுத் தூக்குங்க!" என்று கத்தினேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தார்.

"தூக்கினா வேற எங்கயாவது போய்ச் சொல்லுவான். இங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

"உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா?"

அண்ணி தன் போனை என்னிடம் நீட்டினார். குரூப்பில் அல்ல, அவருக்குத் தனியாகக் கேபிள்காரன் அனுப்பியிருந்தான்.

"அக்கா, தண்ணி இன்னும் ஏறுமா? வீட்ல கைக்குழந்தை இருக்கு. யார் யாரோ என்னென்னமோ சொல்றாங்க, எதை நம்புறதுன்னு தெரியல. நீங்க சொல்லுங்க."

"பதில் போடாதீங்க. தவிக்கட்டும்," என்றேன்.

அண்ணி போனை வாங்கிக்கொண்டார். கட்டுப்பாட்டு அறை எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டு, லைன் கிடைக்கக் காத்திருந்தார்.