எட்டாம் நாள் வந்தவர்

என் கணவர் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் டிஸ்பென்சரி திறந்தபோது, முன்னால் இருந்து காசு வாங்குவது என் வேலையாயிற்று. பார்ப்பதற்கு ஐந்து ரூபாய். அதே வருத்தத்துக்கு ஒரு கிழமைக்குள், ஏழு நாளுக்குள், திரும்ப வந்தால் காசில்லை. மருந்தை மாற்றினால் அந்த மருந்துக்கு மட்டும் காசு. இது அவருடைய யோசனை. காசுக்குப் பயந்து சனங்கள் இரண்டாம் தரம் வராமல் விடுகிறார்களாம். அப்பாவி மனுசன்.

நான் கண்ட சனம் வேறு. மகளின் காய்ச்சலுக்குத் திரும்ப வந்த தாய், கூட வந்த மகனின் சொறியையும் அதே துண்டுச் சீட்டில் காட்டப் பார்ப்பாள். "அது வேற ஆள், வேற வருத்தம்" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானும் லேசில் விடுகிற ஆள் இல்லை.

மூதூரிலிருந்து ஒரு மீனவர், திருக்கை முள் குத்திய காலோடு வந்தார். கணவர் புண்ணைக் கழுவி, ஊசி போட்டு, நாலாம் நாள் கட்டாயம் காட்ட வேண்டும் என்றார்.

"அதுக்குக் காசில்லை, சும்மா வாங்கோ" என்றேன் நான். அவர் தலையாட்டினார்.

நாலாம் நாள் அவர் வரவில்லை. கடல் அமைதியாகத்தான் இருந்தது, மூதூரிலிருந்து வரும் லோஞ்சுப் படகும் ஓடியது. எட்டாம் நாள் காலை முதல் லோஞ்சில் வந்து, ஐந்து ரூபாயை என் மேசையில் வைத்தார். கால் வீங்கிக் கறுத்துப் போயிருந்தது. நாற்றம் தாங்க முடியவில்லை.

"ஏன் நாலாம் நாள் வரேல்லை?" என் கணவர் அப்படி உரத்துக் கேட்டு நான் அறியேன்.

"சும்மா வாறது எனக்குச் சரிவராது ஐயா. கிழமை முடியட்டும், காசு குடுத்தே காட்டுவம் எண்டு இருந்தனான்."

உடனே கார் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இப்படியும் ஒரு ரோசமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு அழுகை வந்தது. ஏய்க்கிறவர்களை மறிக்க எனக்கு நூறு வழி தெரியும். இப்படி ஒருவர் இருப்பார் என்று நினைக்கவே இல்லை.

அடுத்த நாளிலிருந்து சும்மா என்ற சொல்லை விட்டேன். "இந்தக் காசு ரெண்டு தரத்துக்கும் சேர்த்து. வராட்டி நட்டம் உங்களுக்குத்தான்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

"காசில ஒரு சதமும் மாறேல்லையே" என்று கணவர் சிரித்தார். சிரிக்கட்டும். ஆட்கள் சொன்ன நாளுக்கு வரத் தொடங்கினார்கள்.

ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அந்த மூதூர்க்காரருக்குப் புண் மறுபடி கசிந்தது. வந்து காசு கட்டிக் காட்டினார். அவருக்கும் அதையே சொல்லி, நாலாம் நாள் வரச் சொன்னேன். அன்று விடியவே வந்து வாங்குப் பலகையில் முதல் ஆளாக இருந்தார்.

பக்கத்தில் இருந்தவர், "காசு கட்டிப்போட்டீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம், அண்டைக்கே கட்டினனான். என்ர காசுக்குத்தான் வந்திருக்கிறன்" என்று சொல்லி, மூன்று விரல் மிஞ்சிய காலை முன்னால் நீட்டி வைத்தார்.