ஐம்பதில் நடுங்கிய வண்டி

ஏழு வருஷம் முத்தையன் ஒரே ஒரு ஆளுக்காகக் காத்திருந்தான். அந்த ஆள் காரைக்காலில் ஷெட் வைத்திருந்த வைத்தியலிங்கம். முத்தையன் அவரிடம் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன்.

எழுபத்தைந்தாம் வருஷம் சொல்தா ஆந்துவானின் புல்லட்டுக்கு அந்த ஷெட்டில் சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, புது பிஸ்டன் மாற்றினார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்துவிட்டு பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த மனிதர் ஆந்துவான். மூன்றாம் மாதம் வரிச்சிக்குடி வளைவில் என்ஜினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் முன் போல்ட் கழன்று விழுந்தது. என்ஜின் ஆடியதில் வண்டி வயலுக்குள் பாய்ந்து, அவருக்குக் கால் முறிந்தது.

ஷெட்டில் ஊரே கூடி நின்றபோது வைத்தியலிங்கம் முத்தையனைக் கன்னத்தில் அறைந்தார். "போல்ட்ட முறுக்கத் தெரியாத கையி. இந்தக் கையால இனிமே எந்த வண்டியும் தொடாத" என்றார். என்ஜினைப் பிடிக்கும் நான்கு போல்ட்டையும் முத்தையன் முறுக்கியது உண்மை. இறுக்கமாக முறுக்கியதும் உண்மை. இரண்டாவது உண்மையை நம்ப யாரும் இல்லை. அன்றிலிருந்து அவன் பெயர் 'கழண்ட போல்ட்டு'. பேசி முடித்திருந்த பெண் வீட்டார்கூட அந்தப் பெயரைச் சொல்லியே விலகிப்போனார்கள். அவன் திருமலைராயன்பட்டினத்துக்குப் போய்த் தனியாக ஒரு கொட்டகை போட்டுக்கொண்டான்.

எண்பத்திரண்டில் அந்த புல்லட் அவன் வாசலுக்கே வந்தது. ஓட்டி வந்தவர் துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அப்துல் லத்தீப்.

"ஆந்துவான் மவுத்தாயிட்டாரு. அவரு வூட்டம்மா வண்டிய விக்கிறாங்க. ஐம்பது வந்தா மட்டும் ஒடம்பெல்லாம் அதிருது முத்தையா. நாப்பத்தஞ்சுல சும்மா இருக்கு, அறுவதுலயும் சும்மா இருக்கு. வைத்தியலிங்கம், செயின் தேஞ்சுபோச்சு, போல்ட்டு லூசுன்னு ரெண்டு தடவ பாத்துட்டாரு. வாங்கறதா வேணாமான்னு நீதான் சொல்லணும்."

முத்தையன் வண்டியின் முன் உட்கார்ந்தான். செயின் தேய்ந்துதான் இருந்தது. பல்சக்கரத்தில் வைத்து இழுத்தால் பாதிப் பல் தெரிந்தது. புதுச் செயினும் பல்சக்கரமும் மாட்டி ஓட்டினான். அப்படியும் நாலாவது கியரில் ஐம்பதில் அதிர்ந்தது. மூன்றாவது கியரில் போட்டான். முப்பத்தேழிலேயே அதே அதிர்வு வந்தது. செயினோ சக்கரமோ காரணம் என்றால் எந்த கியரிலும் ஒரே வேகத்தில்தான் ஆட வேண்டும். இது என்ஜின் சுற்றும் கணக்கில் வருகிறது. ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரை மெல்ல முறுக்கினான். பின்செயின் அசையவே இல்லை. ஒரு கட்டத்தில் ஹாண்டில் பார் கையில் கிடந்து நடுங்கியது. இன்னும் கொஞ்சம் முறுக்கியதும் அடங்கிவிட்டது.

போல்ட்டுகளைப் பார்த்தான். இரண்டு தளர்ந்திருந்தன. இறுக்கி, நட்டிலிருந்து சட்டம் வரை ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்தான். நாலு நாள் ஓட்டியபின் பார்த்தபோது இரண்டு கோடுகள் துண்டாகி விலகி நின்றன. போல்ட் தளர்ந்ததால் வண்டி ஆடவில்லை. வண்டி ஆடியதால் போல்ட் தளர்ந்தது. தளர்ந்தபின் ஆட்டம் இன்னும் கூடியது.

அன்றைக்கே என்ஜினைப் பிரித்தான். உள்ளே இருந்தது வேறொரு வண்டியின் பிஸ்டன், கடைந்து சின்னதாக்கிப் போட்டது. கையில் எடுத்ததுமே கனம் தெரிந்தது.

அவன் வீடு தேடிப் போனபோது ஆந்துவானின் மனைவி மார்கெரித் அம்மாள் கறுப்புப் புடவையில் இருந்தார். அவனைக் கண்டதும் கதவைச் சாத்தப் போனார்.

"எங்க வூட்டுக்காரரு கால ஒடச்சவன் நீ. சாவுற வரைக்கும் நொண்டிக்கிட்டுத்தான் போனாரு."

"மதாம், கழட்டுன பழைய சாமானையெல்லாம் ஐயா ஷெட்டுலேருந்து திருப்பி வாங்கிக்குவாரே. அது இருக்கா?"

பட்டாளத்துப் பழக்கம் அது. பழசை ஒப்படைத்தால்தான் புதுசு கணக்கில் ஏறும் என்று பழகியவர் அவர். எங்கே வண்டி விட்டாலும் கழற்றிய சாமானைக் கேட்டு வாங்கி, தேதி எழுதி வைப்பார். பிஸ்கட் டப்பாவிலிருந்து பழைய பிஸ்டன் வந்தது, துணியில் சுற்றி.

இரண்டையும் நகைக்கடைத் தராசில் வைத்தார்கள். புதுசு ஏழு பவுன் எடை கூட நின்றது.

"இந்தப் பழசுக்கு ஈடா இருக்கட்டும்னுதான் உள்ள கிராங்க்குல கம்பெனிக்காரன் எதிர்க்கனம் வச்சிருக்கான். அங்க கனத்த மாத்தாம இங்க மட்டும் ஏத்திட்டா, அது ஒவ்வொரு சுத்துக்கும் சட்டத்தக் குத்தும். ஐம்பதுல அந்தக் குத்தும் சட்டத்தோட சொந்த ஆட்டமும் ஒண்ணாயிடுது, ஊஞ்சல நேரம் பாத்துத் தள்ளுற மாதிரி" என்றான் முத்தையன்.

மார்கெரித் அம்மாள் தட்டிலிருந்த பழைய பிஸ்டனை எடுத்துத் துணியில் சுற்றினார். "அப்ப அவரு தப்பான ஆள சபிச்சுக்கிட்டே செத்துருக்காரு" என்றார்.

சரியான பிஸ்டன் வாங்கிப் போட்டிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். முத்தையன் அந்தக் கனத்த பிஸ்டனையே திரும்ப உள்ளே போட்டு என்ஜினை மூடினான்.

ஆயுத பூஜை அன்று வைத்தியலிங்கத்தின் ஷெட்டில் லாரிக்காரர்களும் வண்டிக்காரர்களுமாக நாற்பது பேர் பொரி வாங்க நின்றார்கள். முத்தையன் வண்டியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான். பின்னால் ரிக்‌ஷாவில் மார்கெரித் அம்மாள் வந்து இறங்கினார்.

"அடடே, கழண்ட போல்ட்டு வந்துருக்கு. எல்லாரும் தள்ளி நில்லுங்கப்பா" என்றார் வைத்தியலிங்கம். சிரிப்பு எழுந்தது.

"நான் தொடல மொதலாளி. இன்னிக்கு உங்க கையாலயே போல்ட்ட முறுக்குங்க. வாஷர் புதுசாப் போட்டு முறுக்குங்க."

"எதுக்குடா?"

"பயமா இருந்தா வேணாம்."

நாற்பது பேர் எதிரில் அந்தச் சொல்லைத் தாண்ட அவரால் முடியவில்லை. சந்தனம் பூசிய ஸ்பானரை எடுத்து, மூச்சுப் பிடித்து நான்கையும் இறுக்கினார். முத்தையன் பெயிண்ட் டப்பாவை நீட்டினான். கோடும் அவர் கையாலேயே விழுந்தது. லத்தீப் வண்டியை எடுத்துக்கொண்டு நாகூர் போனார். ஐம்பதை விடாமல் பிடித்துப் போய், அப்படியே திரும்பினார்.

வந்ததும் கூட்டம் குனிந்து பார்த்தது. இரண்டு கோடுகள் நெல்மணி அகலம் விலகியிருந்தன.

"இப்ப இது யாரு கையி மொதலாளி?"

"செயினு..."

"புதுச் செயினு. நியூட்ரல்லயும் ஆடுது, பாக்குறீங்களா? இல்ல, ஹெட்ட இங்கயே கழட்டட்டுமா? உள்ள கெடக்கறது எந்த வண்டி பிஸ்டன்னு எல்லாரும் பாக்கட்டும்."

வைத்தியலிங்கத்தின் கண் தானாகவே என்ஜினின் மேல் போய் நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப சரியான சாமான் கெடைக்கல" என்றார், தரையைப் பார்த்து. "எடையப் போட்டுப் பாக்கல. என் தப்புதான்."

"கேக்கல மொதலாளி. அறைஞ்சப்ப நல்லா சத்தமா இருந்துச்சே."

"என் தப்பு" என்றார் மறுபடி. பொரித்தட்டு வைத்திருந்தவர்கள்வரை கேட்டது.

மார்கெரித் அம்மாள் அருகில் வந்தார். "இத நீ எங்கிட்ட சொல்லி என்ன ஆவுது? கல்லறைக்கு வந்து அவருகிட்ட சொல்லு."

வைத்தியலிங்கத்தை முத்தையன் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டான். கல்லறைத் தோட்டம் இரண்டு மைல். போல்ட்டுகளை அவனே ஒரு தடவை இறுக்கிக்கொண்டான். தான் சாக அவனுக்கு விருப்பமில்லை. கடைத்தெருவில் ஐம்பது போக முடியாது. மூன்றாவது கியரில் முப்பத்தேழு போதும்.

சீட்டும் கால்வைக்கும் கம்பியும் கைப்பிடியும் ஒன்றாக நடுங்கின. நகைக்கடைப் படியிலிருந்தும் டீக்கடையிலிருந்தும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கையி மரத்துப்போச்சுடா முத்தையா. கொஞ்சம் கூட்டு. இல்ல, கொறச்சாவது ஓட்டு."

முத்தையன் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எதிரே மாட்டுவண்டி வந்தபோது ஒதுங்கினான். ஒதுங்கியதும் மறுபடி முள்ளை முப்பத்தேழிலேயே கொண்டுவந்து வைத்தான்.

கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவைத் திறக்க வைத்தியலிங்கத்தின் விரல்களால் ஆகவில்லை. தாழ்ப்பாள் மேல் அவை நடுங்கிக்கொண்டே இருந்தன. முத்தையன் வண்டியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ரிக்‌ஷா வந்து சேர்ந்தபின் அந்த அம்மாள்தான் கதவைத் திறந்துவிட்டார்.